போர்டா, போனா, ஆளா: சாங்கியில் ஒரு விடியற்காலை

சென்னையிலிருந்து இரவில் கிளம்பிய விமானம் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் தரை தொட்டபோது மணி 5:50. மெல்போர்ன் விமானம் 9:20க்கு. நடுவில் மூன்றரை மணி நேரம். கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் உம்மாவுக்கு சூரியன் உதிப்பதற்கு முன் சுபுஹு தொழ வேண்டும். ராத்தா கையில் ஐந்து மாதக் குழந்தை, பசியில் சிணுங்குகிறது. தண்ணீர் பாட்டில் காலி. என் போனில் 9 சதவீதம் சார்ஜ்.

பெரிய விமான நிலையத்தில் இப்படி ஒன்றைத் தேட மூன்று வழிதான் உண்டு. தலைக்கு மேல் தொங்கும் போர்டைப் பார்க்கலாம், போனில் வரைபடத்தைத் திறக்கலாம், யாரையாவது கேட்கலாம். மூன்றையும் பலமுறை பயன்படுத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன்: எது நல்லது என்பது நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எல்லாவற்றுக்கும் ஒரே வழியை நம்புகிறவர்கள்தான் அதிகம் நடக்கிறார்கள்.

முதலில் போர்டு. விமான நிலையப் போர்டுகள் எல்லாவற்றையும் சமமாகச் சொல்வதில்லை. கேட், பெட்டி எடுக்கும் இடம், வெளிவாசல் இவற்றுக்குத்தான் முதல் மரியாதை. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் இதை நிறத்திலேயே பிரித்து வைத்திருக்கிறது. பயண வழிகளுக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, கழிப்பறை போன்ற வசதிகளுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. பெரும்பாலான இடங்களில் நிறப் பிரிவு இவ்வளவு தெளிவாக இருக்காது. வசதிகள் ஓரத்தில் சின்னப் படமாக வரும், அதுவும் அந்த இடத்தை நெருங்கிய பிறகுதான். அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தொழுகை அறையை எந்தப் போர்டும் இங்கிருந்தே சொல்லாது. கண்ணில் படவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, இன்னும் நெருங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அம்புக்குறியிலும் ஒரு குழப்பம் உண்டு. மேல் நோக்கிய அம்பு என்றால் பெரும்பாலும் 'நேராகப் போ' என்று பொருள், 'மாடி ஏறு' என்றல்ல. மாடி என்றால் பக்கத்தில் எஸ்கலேட்டர் படமோ லிஃப்ட் படமோ இருக்கும். உம்மா ஒவ்வொரு முறையும் லிஃப்டைத் தேடுவார். தப்பு அவர் மேல் இல்லை.

ஆனால் போர்டு வெல்லும் இடம் ஒன்று இருக்கிறது. தண்ணீர்க் குழாய் தேவைப்படும் எதையும் போர்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். காரணம் கட்டடத்துக்குள் இருக்கிறது. குடிநீர், கழிவுநீர்க் குழாய்களை நினைத்த இடத்துக்கெல்லாம் இழுக்க முடியாது. அதனால் கழிப்பறை, குடிநீர்க் குழாய், குழந்தைக்கு டயப்பர் மாற்றும் அறை எல்லாம் ஒரே சுவரைச் சுற்றிக் கொத்தாக இருக்கும். கழிப்பறைப் படம்தான் எந்த விமான நிலையத்திலும் அடிக்கடி கண்ணில் படுவது. தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர்ப் படத்தைத் தேடாதீர்கள், கழிப்பறைப் படத்தைப் பின்தொடருங்கள். வாசலுக்கு முன்னால் உள்ள சுவரில் குழாய் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரே குடிக்கத் தக்கது, பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டியதில்லை.

குழந்தைப் படத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. கழிப்பறை வாசலில் இருக்கும் குழந்தைப் படம் பல இடங்களில் டயப்பர் மாற்றும் பலகையை மட்டும்தான் குறிக்கும். உள்ளே போனால் ஒரு மடக்குப் பலகை இருக்கும், உட்கார நாற்காலி இருக்காது. நம் ஊர் பேருந்து நிலையங்களில் 2015 முதல் 'தாய்மார்கள் பாலூட்டும் அறை' என்று எழுத்திலேயே எழுதி வைத்தார்கள், அதனால் அங்கே குழப்பம் இல்லை. அமெரிக்காவில் இதற்குச் சட்டமே போட வேண்டியிருந்தது. 2018இல் வந்த அந்தச் சட்டப்படி, பெரிய, நடுத்தர விமான நிலையங்களில் பாலூட்டும் இடம் கழிப்பறைக்குள் இருக்கக் கூடாது, பூட்டிக்கொள்ளும்படி இருக்க வேண்டும், நாற்காலியும் ப்ளக் பாயின்ட்டும் வேண்டும். ஆக, படத்தைப் பார்த்ததும் உள்ளே ஓடாமல் பாலூட்டத் தனி இடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, போன். வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது இதைவிட நல்ல வழி கிடையாது. நிலையத்தின் சொந்த இணையதளத்தில் தொழுகை அறை எந்த டெர்மினலில், எந்தத் தளத்தில் என்று எழுதியிருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் உள்ளே போன பிறகு அதே போன் தடுமாறும். கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் சிக்னல் பலவீனம், அதனால் நீலப் புள்ளி அலையும். கிடைத்தாலும் நீங்கள் எந்தத் தளத்தில் நிற்கிறீர்கள் என்பதைச் சரியாகச் சொல்வது அரிது. தள எண்ணிலும் பழக்கம் இடிக்கும். சிங்கப்பூரில் 'லெவல் 1' என்றால் தரைத்தளம். நாம் அதை முதல் மாடி என்று எடுத்துக்கொண்டு ஒரு மாடி கூடுதலாக ஏறுவோம்.

இவையெல்லாம் சின்ன விஷயம். பெரிய பொறி வேறு. வரைபடத்தில் பாதுகாப்புச் சோதனையும் பாஸ்போர்ட் பார்க்கும் குடிநுழைவும் மெல்லிய கோடாகத்தான் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. ஒரு நிலையத்தில், பெயர் வேண்டாம், பாலூட்டும் அறை எனக்கு அறுபது மீட்டர் தூரத்தில் என்று போன் சொன்னது. போய்ப் பார்த்தால் நடுவில் கண்ணாடிச் சுவர். அறை அந்தப் பக்கம், வெளியில் இருந்து வருகிறவர்களுக்கானது. சாங்கியிலும் இப்படி ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2019இல் திறந்த ஜுவெல் என்ற வணிக வளாகம், வரைபடத்தில் டெர்மினல்களை ஒட்டி அழகாகத் தெரியும். ஆனால் அது குடிநுழைவுக்கு வெளியே இருக்கிறது. டிரான்சிட் பயணிக்கு அங்கே இருக்கும் எந்த வசதியும் 'பக்கத்தில்' இல்லை.

வைஃபையோ டேட்டாவோ இல்லாமல் போன் வரைபடம் தடுமாறும் என்பதையும் சொல்ல வேண்டும். இந்திய விமான நிலையங்களில் இலவச வைஃபைக்கு ஓடிபி கேட்கும். வெளிநாட்டு சிம் வேலை செய்யாவிட்டால் ஓடிபி வராது, வைஃபை கிடைக்காது. இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சென்னைக்கு வரும் உறவுகள் அடிக்கடி மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மூன்றாவது, ஆள். தகவல் கவுன்ட்டருக்குப் பல நாடுகளில் 'i' குறி, அமெரிக்காவில் பல இடங்களில் '?' குறி. கேட்டில் நிற்கும் விமான நிறுவன ஊழியரும் இவர்களும் ஒன்றல்ல. அவருக்கு அந்த விமானம் தெரியும், கட்டடம் தெரிந்திருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. எனக்கு இன்னொரு ரகசியமும் உண்டு. துப்புரவுப் பணியாளர்களைக் கேளுங்கள். நாள் முழுக்கத் தண்ணீர்க் குழாய்க்கும் கழிப்பறைக்கும் நடுவில் நடப்பவர்கள் அவர்கள்தான். சாங்கியில் தமிழிலேயே பதில் கிடைத்த அதிர்ஷ்டமும் எனக்கு இருந்திருக்கிறது.

கேட்கும் விதத்தில் இருக்கிறது வித்தை. "ப்ரேயர் ரூம் எங்கே?" என்று மட்டும் கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள், அவ்வளவுதான். "சோதனையைத் தாண்டாமல் போக முடியுமா? எந்தத் தளம்? பக்கத்தில் என்ன கடை?" என்று கேட்க வேண்டும். கடைப் பெயர் தெரிந்தால் பாதி தூரத்தில் இன்னொருவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

அன்று காலை என்ன செய்தோம் என்று சொன்னால் ஒப்பீடு இன்னும் தெளிவாகும். சிங்கப்பூர் பூமத்திய ரேகையை ஒட்டி இருப்பதால் சூரிய உதயம் வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டியே இருக்கும், அதிலிருந்து முன்னாலோ பின்னாலோ இருபது நிமிடம்கூட விலகாது. விமானத்தை விட்டு இறங்கியபோது 6:10. உம்மாவுக்கு ஐம்பது நிமிடம்கூட இல்லை. எனவே முதல் வேலை தொழுகை அறை. இதற்கு ஆள்தான். துபாய், தோஹா போன்ற இடங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகப் பல தொழுகை அறைகள் இருப்பதால் போர்டைப் பார்த்து நடந்தாலே ஒன்று தட்டுப்படும். சாங்கியில் எல்லா மதத்தவருக்கும் பொதுவான அறை, எண்ணிக்கை குறைவு. கெடு வைத்த வேலைக்குப் போர்டை நம்பி அலைய நான் தயாரில்லை. தகவல் கவுன்ட்டரில் கேட்டோம், இரண்டு நிமிடத்தில் பதில். 6:35க்கு உம்மா தொழுது முடித்துவிட்டார்.

குழந்தைக்கும் தண்ணீருக்கும் யாரையும் கேட்கவில்லை. கழிப்பறைப் படத்தைப் பின்தொடர்ந்தோம். ராத்தா குழந்தை அறைக்குள் போனார், நான் வெளியே குழாயில் பாட்டிலை நிரப்பினேன். அரை லிட்டர் மட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சார்ஜ் போடும் இடத்துக்கு மூன்று வழியுமே தோற்றுவிடும். அது ஒரே இடத்தில் இருப்பதில்லை. தூணடியில், நாற்காலிக் கைப்பிடியில், மேசைக்கடியில் சிதறிக் கிடக்கும். போர்டில் வராது, வரைபடமும் முழுதாகக் காட்டாது. மக்கள் எங்கே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள், அங்கே ப்ளக் இருக்கும். சிங்கப்பூரில் மின்னழுத்தம் நம் ஊர் மாதிரியே 230 வோல்ட், ஆனால் துளை மூன்று செவ்வக முள்ளுக்கானது. நம் உருண்டை முள் அதில் இறங்காது. யூஎஸ்பி துளை கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் அடாப்டர் வேண்டும். பவர் பேங்க் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கில் சார்ஜ் போடவும் தடை விதித்திருக்கிறது.

இனி அரை லிட்டர் கதை. எங்கள் கேட் A வரிசை. சாங்கியில் A, B என்றால் டெர்மினல் 3, C, D என்றால் 1, E, F என்றால் 2, G என்றால் 4. நாங்கள் இறங்கியது E. 1, 2, 3க்கு நடுவே ரயிலிலோ நடந்தோ போய்விடலாம், எனவே அது பிரச்சினையில்லை. பிரச்சினை சோதனை. 1, 2, 3 டெர்மினல்களில் பாதுகாப்புச் சோதனை கேட்டின் வாசலில்தான் நடக்கும், 4இல் மட்டும் எல்லாருக்கும் பொதுவாக முன்னாலேயே. அதாவது கடை, தொழுகை அறை, தண்ணீர் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் சோதனை. அங்கே 100 மில்லிக்கு மேல் தண்ணீர் போகாது. குழந்தையின் பாலுக்கு விலக்கு உண்டு, கேட்டால் காட்ட வேண்டும். கேட் அறைக்குள் போன பிறகு வெளியே வந்தால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

அதனால் 8:15க்கு, கேட்டுக்கு வெளியே கடைசியாக இருந்த கழிப்பறைக் கொத்தில் குழந்தைக்கு டயப்பர் மாற்றினோம். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை உம்மா குடித்து முடித்தார். காலிப் பாட்டிலைத் தட்டில் வைத்தேன், சோதனைக்காரர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு அனுப்பினார். போனில் 84 சதவீதம்.