கீயின் அகலம் சரி, உயரத்தில் ஏமாற்றிவிட்டார்கள்

கோழித்தீவனம் கலக்கும் இயந்திரத்தின் கியர்பாக்ஸ் கப்ளிங்கை மாற்ற ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். புது வார்ப்பிரும்புக் கப்ளிங், புது கீ என்று பில் போட்டார்கள். ஷாஃப்டையும் கப்ளிங்கையும் ஒன்றாகச் சுழல வைக்கும் எஃகுத் துண்டுதான் கீ. பன்னிரண்டாம் நாள் மோட்டாரைப் போடும்போதும் நிறுத்தும்போதும் 'டக்' என்று ஒரு சத்தம். ஷாஃப்டில் ஏறும் கப்ளிங்கின் நடுப்பகுதியான ஹப்பின் ஓரத்தில் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தது. இரும்பு இரும்போடு உரசினால் அந்தத் தூள் வரும். மறுநாள் ஷாஃப்ட் சுழன்றது, கப்ளிங் நின்றுவிட்டது.

கழற்றிப் பார்த்தபோது கீ அறுபடவில்லை. அதன் மேல் விளிம்பு ஒருபக்கம் மட்டும் நசுங்கி உருண்டிருந்தது. கீ உட்காரும் ஹப்பின் காடியும் அதே பக்கம் சிதைந்திருந்தது. கீக்கு மேலே, காடிக்குள், 2 மி.மீ. தகடு ஒன்று செருகியிருந்தது. 40 மி.மீ. ஷாஃப்டுக்கு 12 மி.மீ. அகலமும் 8 மி.மீ. உயரமும் உள்ள கீ வேண்டும். அவர்கள் போட்டது 12க்கு 6. ஆடாமலிருக்கத்தான் அந்தத் தகடு.

கேட்டதற்கு, "அகலம் அதேதானே அண்ணா, அறுபடாது" என்றார் பட்டறைக்காரர். அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் ஆபத்து. மோட்டார் 7.5 கிலோவாட், கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் வேகம் நிமிடத்துக்கு 150 சுற்று. முறுக்குவிசை சுமார் 477 நியூட்டன் மீட்டர். அதை ஷாஃப்டின் ஆரமான 20 மி.மீ.ஆல் வகுத்தால், கீயைத் தள்ளும் விசை ஏறக்குறைய 23,900 நியூட்டன். கீயின் நீளம் 50 மி.மீ. வெட்டுப்படும் பரப்பு 12 பெருக்கல் 50, அதாவது 600 சதுர மி.மீ. தகைவு சதுர மி.மீ.க்கு 40 நியூட்டன்தான். உயரம் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

நசுக்குத் தகைவில்தான் உயரம் வருகிறது. ஷாஃப்டில் காடியின் ஆழம் 5 மி.மீ. சரியான கீ என்றால் 3 மி.மீ. வெளியே நீட்டி ஹப்பைத் தள்ளும். பரப்பு 150 சதுர மி.மீ., தகைவு சுமார் 160. 6 மி.மீ. கீ நீட்டியதோ 1 மி.மீ. மட்டும். பரப்பு 50, தகைவு சுமார் 480! சாதாரண மென் எஃகு 250ஐத் தாண்டினாலே நிலையாக உருமாறத் தொடங்கிவிடும். மோட்டார் கிளம்பும் கணத்தில் விசை இதைவிட அதிகம். தகடு ஷாஃப்டுக்குள் இறங்காததால் ஒரு துளி விசையையும் கடத்தாது.

புத்தகக் கணக்கில் கீயின் பாதி உயரத்தை, அதாவது 4 மி.மீ.ஐ, எடுப்பார்கள். என் ஷாஃப்டில் ஹப் பக்கம் 3தான் கிடைக்கிறது என்பதால் அதையே எடுத்தேன்.

கப்ளிங்கை ஏற்றுவதற்கு முன், கீயைக் காடியில் வைத்து, வெளியே நீட்டும் உயரத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள். இந்த அளவு ஷாஃப்டில் 3 மி.மீ. இருக்க வேண்டும். ஏற்றிய பிறகு கீயின் தலைக்கும் ஹப்புக்கும் இடையே 0.3 மி.மீ. அளவுக்கு இடைவெளி இருப்பது இயல்பு. அங்கே தகடு தென்பட்டால் வேலையை ஏற்காதீர்கள்.

பணம் திரும்பவில்லை. ஹப்பின் காடி சிதைந்துவிட்டதால் புதுக் கப்ளிங்கே வாங்க வேண்டியதாயிற்று.