தனுஷ்கோடி போகும் பையில் உரித்த முட்டை

சிங்கப்பூரிலிருந்து மே மாத விடுமுறையில் வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழக்கரையிலிருந்து ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று ஒரு நாள் சுற்றப் போனோம். பஸ் வசதிக்குக் குறை சொல்ல முடியாது, ராமநாதபுரத்தில் இறங்கி மாறினால் ராமேஸ்வரத்துக்கு அடிக்கடி வண்டி இருக்கிறது. சாப்பாடுதான் சிக்கல். ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் சைவ ஓட்டல்கள், பிள்ளைகளுக்கு முட்டை வேண்டும் என்றால் வீட்டிலிருந்து அவித்து எடுத்துப்போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்.

மதினி விடியற்காலையிலேயே அவித்து, "அங்க போய் உரிக்கிற வேலை இருக்கக் கூடாது தம்பி" என்று ஆறு மணிக்கே எல்லாவற்றையும் உரித்து, உப்பும் மிளகும் தூவி, சூடு ஆறுமுன் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட்டார். பாம்பன் தாண்டும்போதே பையின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. தனுஷ்கோடியில் பையைத் திறக்கும்போது மணி பன்னிரண்டு.

இந்த ஆறு மணி நேரம்தான் விஷயம். சமைத்த முட்டை வெளியில் இருக்க உணவுப் பாதுகாப்புக்காரர்கள் கொடுக்கும் கெடு இரண்டு மணி நேரம், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். மே மாதத்தில் இந்தக் கரையில் காலை ஒன்பது மணிக்கு மேல் 32-க்குக் கீழே எங்கே இருக்கிறது? ஏசி கார் என்றாலும் முட்டைப் பையைப் பின்னால் டிக்கியில் வைத்தால் கணக்கு ஒன்றுதான்.

ஓட்டோடு இருந்தாலும் கெடு அதேதான். ஆனால் உரித்தது ஒரு படி மோசம், காரணம் கை. நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகவே இருக்கிற ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி உரிக்கும்போது வெள்ளைக் கருவில் ஒட்டிக்கொள்ளும், ஈரமும் சூடும் கிடைத்தால் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு சூட்டுக்கு அழியாது, மதியம் எண்ணெயில் புரட்டி எடுத்தாலும் அப்படியே இருக்கும். சாப்பிட்ட அரை மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். மேலே தூவிய உப்பு இதைத் தடுக்காது, அந்த அளவு உப்பு ருசிக்குத்தான்.

இன்னொன்று, அவித்த முட்டையை ஆற வைக்கும் தண்ணீர். சூடான முட்டை குளிரும்போது உள்ளே சுருங்கி, ஓட்டில் இருக்கும் நுண்துளை வழியே வெளித் தண்ணீரைக் கொஞ்சம் இழுக்கும். எங்கள் தெருவில் புழங்கக் கிணற்றுத் தண்ணீர், குடிக்கக் குடத் தண்ணீர் என்று இரண்டு உண்டு, முட்டைக்கு எல்லாரும் முதலாவதைத்தான் ஊற்றுகிறார்கள். குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள்.

அண்ணன் பையை முகர்ந்து பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்றார். மூக்கை நம்ப முடியாது. கட்டிவைத்த பையைத் திறந்ததும் வரும் கந்தக வாடை நல்ல முட்டையிலும் வரும், மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் இருந்தால் அது கூடுதலாக வெந்ததன் அடையாளம், கெட்டதல்ல. தொட்டால் கொழகொழவென்று வழுக்கினால் சந்தேகமே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். ஆனால் வழுக்காததால் நல்லது என்று ஆகிவிடாது, அந்த நஞ்சுக்கு வாசனையும் இல்லை ருசியும் இல்லை. அன்று பிள்ளைகளுக்கு நான் கொடுக்கவிடவில்லை, மதினிக்கு அன்று முழுக்க என்மேல் கோபம்.

அப்புறம் மண்டபத்துக்குப் போன நாளில் வேறு மாதிரி செய்தோம். முட்டையை முந்தின இரவே அவித்து ஓட்டோடு ஃபிரிட்ஜில் வைத்தோம் (ஃபிரிட்ஜில் ஓட்டோடு ஒரு வாரம் வரை தாங்கும்). அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டை ஃபிரீசரில் உறைய வைத்து, மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவுக்கு இரு பக்கமும் அணைத்து, தடித்த துண்டில் சுற்றிப் பையில் வைத்தோம். பாட்டிலுக்குள் பனிக்கட்டி மிச்சம் இருந்து டப்பாவும் தொட்டால் சில்லென்று இருக்கும்வரை கவலை இல்லை, முழுவதும் உருகிவிட்டால் அந்த ஒரு மணி நேரக் கெடு ஓட ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் காலைப் பத்தரை வரை தாங்கியது, அதற்குள் சாப்பிட்டு முடித்தோம்.

மண்டபம் மீன் இறங்கும் இடம், ஐஸ் தாராளமாகக் கிடைக்கும், கேட்டால் கொஞ்சம் கொடுப்பார்கள். ஆனால் அது மீனுக்கான ஐஸ், உருகும் தண்ணீர் முட்டையில் படக் கூடாது, டப்பாவுக்கு வெளியே தனிப் பையில் கட்டி வையுங்கள்.

நாங்கள் தங்கிய லாட்ஜ் ஒன்றில் ஃபிரிட்ஜில் வைக்கக் கொடுத்ததை மேசையிலேயே மறந்துவிட்டார்கள். கொடுத்தால் உள்ளே வைக்கிறார்களா என்று நின்று பாருங்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் முட்டை வாங்கினால் ஓட்டோடு, சூடாக இருப்பதைக் கேட்டு வாங்கி, கை கழுவி நீங்களே உரித்துக்கொள்ளுங்கள். சென்னைக்குத் திரும்பும் இரவு ரயிலுக்கு நாங்கள் முட்டையே எடுக்கவில்லை, ரொட்டியும் வாழைப்பழமும்தான்.