பேருந்து இருக்கையில் கிடந்த கைப்பேசி: யாரை, எந்த வழியில் அழைப்பது?

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் செல்லும் 29சி பேருந்தில், சன்னலோர இருக்கையில் ஒரு கைப்பேசி கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடத்துநரிடம் ஒப்படைப்பது முறையான வழிதான். ஆனால் தவறவிட்டவர், எந்தப் பேருந்து, எந்தப் பணிமனை என்று விசாரித்து அலைய நேரும். அதற்கு முன் ஓர் அழைப்பு முயன்று பார்க்கலாம்.

கைப்பேசி பூட்டியிருந்தால் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, அழைப்பு வரும்வரை காத்திருப்பது. பூட்டைத் திறக்காமலே அழைப்பை ஏற்க முடியும் என்பதால், பிறர் அந்தரங்கத்தை இதைவிடக் குறைவாகத் தொடும் வழி இல்லை. ஆனால் கைப்பேசி ஒலியடக்கத்தில் இருந்தாலோ, மின்கலம் தீர்ந்தாலோ, உரியவர் அவசரப்பட்டு சிம்மை முடக்கிவிட்டாலோ, காத்திருந்து பயனில்லை. இரண்டாவது, அவசரகாலத் தகவல். ஆண்ட்ராய்டில் பூட்டுத்திரையின் Emergency call பகுதிக்குள்ளும், ஐபோனில் Emergency என்பதை அடுத்து வரும் Medical ID பகுதியிலும், உரியவர் முன்கூட்டியே பதிந்திருந்தால் நெருங்கியவரின் எண் இருக்கும், அங்கிருந்தே அழைக்கலாம். அந்நியர் பார்க்கட்டும் என்றே அவர் வைத்த எண் அது என்பதால், நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன். பலர் அதை நிரப்புவதே இல்லை என்பதுதான் குறை. அவசர உதவி எண்ணைத் தவறி அழுத்திவிடாமல் கவனமாக இருக்க வேண்டும்.

பூட்டில்லாத கைப்பேசியில்தான் சங்கடம் கூடுதல். அழைப்புப் பதிவைத் திறந்தால், அவர் யாருடன் எப்போது பேசினார் என்பதெல்லாம் வேண்டாமலே கண்ணில் படும். தொடர்புப் பட்டியலை மேலிருந்து கீழாக உருட்டுவதும் ஏறக்குறைய அதே குற்றம். மாறாக, தேடல் கட்டத்தில் Amma அல்லது 'அம்மா' என்று தட்டினால் பெரும்பாலும் ஓரிரு பெயர்கள் மட்டுமே வரும். அதில் ஒன்றை அழைத்துவிட்டு, வேறெதையும் திறக்காமல் திரையை அணைத்துவிடலாம். சிம்மைக் கழற்றித் தன் கைப்பேசியில் பொருத்துவதை நான் அறவே ஏற்கமாட்டேன், ஏனெனில் உரியவருக்கு வரும் வங்கிக் கடவுச்சொற்களும் அதனுடன் நம்மிடம் வந்துவிடும்.

அந்தக் கைப்பேசியிலிருந்தே அழைத்தால், தாயின் திரையில் மகனின் பெயர் தெரியும். எடுத்ததும் கேட்பதோ அந்நியக் குரல். ஆகவே முதல் வாக்கியமே, "பயப்படாதீங்கம்மா, விபத்து எதுவும் இல்லை, பஸ்ஸில் போன் கிடைத்தது" என்றிருக்க வேண்டும். நம் எண்ணிலிருந்து அழைத்தால் அந்தத் திடுக்கிடல் இராது. ஆனால் அவர் எண் நம்மிடமும் நம் எண் அவரிடமும் தங்கிவிடும், தெரியாத எண் என்று எடுக்காமலும் போகலாம்.

வாங்க வருபவரிடம் உறையின் நிறத்தை நாமே சொல்லிவிடாமல், அவரைச் சொல்லச் சொல்ல வேண்டும். ஐயம் தீரவில்லையெனில், நாம் பேசிய அதே எண்ணிலிருந்து அந்தக் கைப்பேசிக்கு ஓர் அழைப்பு கொடுக்கச் சொன்னால், வந்திருப்பவர் அந்த வீட்டாரோடு தொடர்புள்ளவர்தானா என்பதைத் திரையில் தோன்றும் பெயரே காட்டிவிடும்.