கேட்டில் ஐசி படமா, பதிவேடா?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். வரும் லாரி ஓட்டுநர்களின் ஐசியைக் கைப்பேசியில் படமெடுக்கலாமா, பதிவேடே போதுமா என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கேட்டார்.

எடுப்பது: படத்தில் முகம், முழு ஐசி எண், வீட்டு முகவரி எல்லாம் வந்துவிடும். பதிவேட்டில் பெயர், லாரி எண், நேரம். யார் உள்ளே இருக்கிறார் என்று அறிய அதுவே போதும்.

அறிவிப்பு: எதற்காகத் தகவல் எடுக்கிறோம் என்று சொல்லும் அறிவிப்பு இரண்டுக்கும் வேண்டும், மலாயிலும் ஆங்கிலத்திலும். தமிழிலும் ஒட்டினேன், அது என் ஆசை.

தொலைந்தால்: இங்கேதான் விஷயம். 1,200 ஐசி படங்களுடன் கைப்பேசி காணாமல் போனால், 2025 ஜூன் முதல் நடப்பிலுள்ள விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குச் சொல்ல வேண்டும். ஐசி எண்ணை வைத்து மோசடி நடக்கலாம் என்பதால், அடுத்த 7 நாளுக்குள் ஓட்டுநர்களுக்கும். ஆனால் அவர்களின் தொலைபேசி எண் நம்மிடம் இருக்காதே!

பதிவேட்டிலும் ஓட்டை உண்டு: அடுத்தவர் முந்தைய வரிகளைப் படித்துவிடுவார். மேலே ஓர் அட்டையை வைத்து மறைக்கிறோம்.

அன்றாட லாரிகளுக்குப் பதிவேடு. மருந்துக் கிடங்குக்குள் போகும் குத்தகையாளருக்கு மட்டும் படம், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.