பிஸ்கட்டின் அடிப்பக்கம்: வீட்டு ஓவனில் நான்கு ஆண்டு அனுபவம்

மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும் 30 லிட்டர் கொள்ளளவுள்ள மின் ஓவன் ஒன்றை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். மேலே இரண்டு, கீழே இரண்டு எனச் சூடேற்றும் கம்பிகள் கொண்ட, காற்றாடியை வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள்ளக்கூடிய எளிய வகை அது. கேக்கும் ரொட்டியும் அதில் முதல் மாதத்திலேயே ஓரளவு கைவந்துவிட்டன. வெண்ணெய் பிஸ்கட் மட்டும் ஏறக்குறைய ஓராண்டு வரை சரியாக வரவில்லை. கேக்கின் உயரமும் ஈரமும் ஓவனின் குறைகளை ஓரளவு தாங்கிக்கொள்கின்றன; எட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள பிஸ்கட்டுக்கு அந்த வசதி இல்லாததால், இரண்டு நிமிடத் தாமதமும் இருபது டிகிரி வேறுபாடும் அதன் நிறத்திலேயே தெரிந்துவிடுகின்றன.

நான் மீண்டும் மீண்டும் செய்து பார்த்தது ஒரே மாவுதான். மைதா 240 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 160 கிராம், பொடித்த சர்க்கரை 80 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. அதாவது மூன்று பங்குக்கு இரண்டு பங்கு, ஒரு பங்கு என்ற பழைய கணக்கு. உருளையாக உருட்டி, குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்து, வில்லைகளாக வெட்டினால் தலா 20 கிராம் எடையில் 24 கிடைக்கும். முட்டை, பால், சோடா உப்பு எதுவும் இதில் இல்லை என்பதால், நிறத்தில் வரும் மாற்றத்துக்கு ஓவனே காரணம் என்று நம்பிக்கையுடன் சொல்ல முடிந்தது.

தொடக்கத்தில் கிடைத்த முடிவு எப்போதும் ஒன்றுபோலவே இருந்தது. திருகியை 170 டிகிரி செல்சியஸில் வைத்து, ஓவனுடன் வந்த கறுப்பு ட்ரேயைக் கீழிருந்து இரண்டாவது பள்ளத்தில் செருகி, பதினைந்து நிமிடம் சுட்டேன். மேல்பக்கம் மாவின் வெளிர் நிறத்திலேயே இருக்கும். இன்னும் வேகவில்லை என்று எண்ணி மூன்று நிமிடம் கூட்டுவேன். எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் காப்பித்தூள் நிறத்தில் கசந்து கிடக்கும். மேலே தெரிந்த நிறத்தை மட்டும் வைத்து நேரத்தைக் கூட்டியது என் பெரிய தவறு. அடிப்பக்கத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான், சிக்கல் நேரத்தில் இல்லை என்பதும், மேலும் கீழும் வெப்பம் சமமாகக் கிடைக்கவில்லை என்பதும் புரிந்தது.

முதலில் ஓவனுக்குள் தொங்கவிடும் சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கி, பிஸ்கட் இருக்கும் உயரத்திலேயே நடுவில் வைத்தேன். திருகி 170 காட்டியபோது முள் 180க்கும் 200க்கும் இடையே ஏறி இறங்கியது. ஏற்ற இறக்கம் தவறன்று. கம்பிகள் எரிந்தும் அணைந்தும்தான் எந்த ஓவனும் வெப்பத்தைக் காக்கிறது. ஆனால் அதன் சராசரி 190 ஆக இருந்ததால், நான் இருபது டிகிரி கூடுதலாகச் சுட்டுக்கொண்டிருந்தேன் என்பது உறுதியானது. திருகியை 150க்கு இறக்கியபோது சராசரி 170க்கு வந்தது. ஆயத்தநிலையைக் காட்டும் விளக்கையும் அப்போது கவனித்தேன். விளக்கு அணையும்போது உள்ளே காற்று மட்டுமே சூடாகியிருக்கிறது, சுவர்கள் இன்னும் சூடாகவில்லை. அந்நேரத்தில் கதவைத் திறந்தால் முள் சட்டென்று கீழே போய், அதை ஈடுகட்டக் கம்பிகள் செக்கச்சிவந்து நீண்ட நேரம் எரிகின்றன. பச்சை பிஸ்கட் அந்த நேரடி அனலில்தான் முதலில் அகப்படுகிறது. ஆகவே விளக்கு அணைந்த பிறகும் பத்து நிமிடம் காத்திருந்து ட்ரேயை வைக்கிறேன். இந்த ஒரு பழக்கம் தந்த பலன் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

வெப்பமானி இல்லாதவர்களுக்குச் சர்க்கரை ஒரு நல்ல சோதனை. வெள்ளைச் சர்க்கரை ஏறத்தாழ 186 டிகிரியில் உருகும். நன்கு சூடான ஓவனில், திருகியை 175ல் வைத்து, ஒரு கரண்டி சர்க்கரையைச் சிறு கிண்ணத்தில் பதினைந்து நிமிடம் வைத்தால் அது உருகக் கூடாது. உருகினால் ஓவன் சொல்வதைவிட அதிகமாகச் சூடாகிறது. 190ல் வைத்தும் உருகவில்லை என்றால் குறைவாகச் சூடாகிறது. எவ்வளவு வேறுபாடு என்பதை இது துல்லியமாகக் காட்டாது; எந்தப் பக்கம் பிசகியிருக்கிறது என்பதைக் காட்டிவிடும்.

வெப்பத்தைச் சரிசெய்த பிறகு அடிப்பக்கம் கருகுவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. அதற்கு ட்ரேயே காரணம் என்று கண்டுபிடிக்க மேலும் சில மாதங்கள் ஆயின. ஓவனுடன் தரப்பட்ட அந்த ட்ரே இரு பக்கச் சுவர்களையும் தொடும் அகலம் கொண்டது. அதைச் செருகினால் ஓவன் நடுவே ஒரு தளம் போட்டதுபோல் ஆகிறது. கீழே எழும் சூடான காற்று மேலே போக வழியின்றித் தளத்துக்கு அடியிலேயே தேங்குகிறது. போதாக்குறைக்குக் கறுப்பு உலோகம் கம்பியின் அனலை நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. இப்போது நான் பயன்படுத்துவது, நான்கு பக்கமும் மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விடும் அளவுள்ள, வெளிர் நிற அலுமினிய ட்ரே. அதைக் கம்பித் தட்டின் மேல் வைத்து, ட்ரேயில் பேக்கிங் தாள் விரிக்கிறேன். கறுப்பு ட்ரேயையே பயன்படுத்த வேண்டியவர்கள் வெப்பத்தைப் பத்துப் பதினைந்து டிகிரி குறைத்துக்கொள்வது நல்லது.

ட்ரே நடுவில் இருக்க வேண்டும் என்று எல்லாச் செய்முறைகளும் சொல்கின்றன. எதன் நடு என்பதைச் சொல்வதில்லை. நடுவில் இருக்க வேண்டியது பிஸ்கட், கம்பித் தட்டு அன்று. உயரம் குறைந்த ஓவனில் ஒரு பள்ளம் மாறினாலே கம்பிக்கும் பிஸ்கட்டுக்கும் உள்ள தூரம் வெகுவாக மாறிவிடும் என்பதால், மேல் கம்பிக்கும் கீழ்க் கம்பிக்கும் இடையே அளவுகோல் வைத்து அளந்தே பள்ளத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஓவனுக்கு ஓவன் இது மாறும். சரியான இடம் எது என்பதை ஒரு பிஸ்கட்டைத் திருப்பிப் பார்த்தே முடிவு செய்யலாம்: அடி கருத்து மேல் வெளுத்திருந்தால் ட்ரே ஒரு பள்ளம் மேலே போக வேண்டும், மேல் சிவந்து அடி வெளுத்து வளைந்து கொடுத்தால் கீழே இறங்க வேண்டும், இரண்டு பக்கமும் ஓரம் மட்டும் கருத்து நடுவில் மாவு வாசம் அடித்தால், இடம் சரி, வெப்பம்தான் அதிகம்.

இன்றைய நிலையில் என் ஓவனுக்கு அமைந்த கணக்கு இது: திருகி 150, உள்ளே உண்மையில் 170, ட்ரே நடுவில், காற்றாடி இல்லாமல் 17 நிமிடம். காற்றாடியைப் போட்டால் திருகியை மேலும் இருபது டிகிரி இறக்க வேண்டியிருக்கிறது. இடது பின் மூலை எப்போதும் முந்திச் சிவப்பதால், பதினொன்றாம் நிமிடத்தில் ட்ரேயை முன்பின்னாகத் திருப்புகிறேன். அதற்கு முன்பு கதவைத் திறப்பதே இல்லை.

பதினான்காம் நிமிடத்திலிருந்து கண்ணாடி வழியாகப் பார்க்கத் தொடங்குகிறேன். அதுவரை வெண்ணெய் உருகியதால் ஈரமாக மின்னிய மேல்பரப்பு, அந்நேரத்தில் மினுக்கம் இழந்து மங்கலாகிறது. அடுத்து, ஓரத்தில் நூல் போல ஒரு பொன்னிறக் கோடு தோன்றுகிறது. அது நூல் தடிமனில் இருக்கும்போது எடுத்தால் பிஸ்கட் ஆறியபின் நடுவில் மாவுச் சுவை தங்கிவிடுகிறது. அரிசிமணி அகலம் வரும்போது எடுத்தால் மிகச் சரியாக இருக்கிறது. நடுப்பகுதி அப்போதும் வெளிர் சந்தன நிறத்தில்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஐயம் இருந்தால் மெல்லிய தோசைக்கரண்டியால் ஒன்றைத் தூக்கி அடியைப் பார்க்கிறேன்: ஓரம் முதல் நடு வரை தேன் நிறம் ஒரே சீராகப் பரவியிருந்தால் முடிந்தது. ஓரம் மட்டும் நிறமாகி நடுவில் வெளிறிய வட்டம் இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் தேவை. ஓவனுக்குள் எரியும் மஞ்சள் விளக்கு எல்லாவற்றையும் பொன்னிறமாகவே காட்டும் என்பதால், இந்தக் கடைசிச் சோதனையை வெளியே, வெள்ளை வெளிச்சத்தில் செய்வதே நம்பத்தக்கது.

எடுக்கும்போது பிஸ்கட் மென்மையாக இருப்பதைக் கண்டு மீண்டும் உள்ளே வைத்துவிடுபவர்கள் பலர். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். சூட்டில் வெண்ணெய் உருகிய நிலையிலேயே இருக்கிறது. ஆறும்போது அது இறுகி, சர்க்கரையும் கெட்டிப்பட்டு, எஞ்சிய ஈரம் வெளியேறிய பிறகுதான் மொறுமொறுப்பு வருகிறது. சூடான ட்ரே அடுத்த சில நிமிடங்களுக்குச் சுட்டுக்கொண்டே இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சரியான நிறத்தில் எடுத்தவற்றை ட்ரேயிலேயே ஐந்து நிமிடம் விட்டு, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றுகிறேன்; சற்றுக் கூடுதலாகச் சிவந்துவிட்டால் தாளோடு இழுத்து உடனே மாற்றிவிடுகிறேன். இரண்டாவது ஈட்டுக்கு ட்ரே முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூடான ட்ரேயில் வைத்த வில்லைகள், ஓவனுக்குள் போகுமுன்பே வெண்ணெய் கசிந்து தட்டையாகப் பரவுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மென்மையான நடுப்பகுதி கொண்ட குக்கிகளுக்கு இதே ட்ரே, இதே இடம், ஆனால் உண்மையான வெப்பம் 175, நேரம் 11 நிமிடம். ஓரம் விரல் அகலத்துக்குப் பொன்னிறமாகி, நடு வெளிறி உப்பலாக, மினுக்கம் மட்டும் அடங்கியிருக்கும்போது எடுக்க வேண்டும். அவற்றில் சோடா உப்பும் பழுப்புச் சர்க்கரையும் இருப்பதால் நிறம் விரைவாக ஏறும். மாவே சற்றுக் கருப்பாகத் தொடங்குவதால், வைக்கும்போது இருந்த நிறத்தை நினைவில் வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டியிருக்கிறது.

கோகோ சேர்த்த பிஸ்கட்டில் நிறம் எந்த உதவியும் செய்வதில்லை. மினுக்கம் அடங்குவதையும், ஓரத்தை விரலால் தொட்டால் குழி விழாமல் நிற்பதையும் வைத்தே நீண்ட நாள் சமாளித்து வந்தேன். கோகோவின் நறுமணம் அறையெங்கும் தூக்கலாக வரும்வரை காத்திருந்தால், பெரும்பாலும் அதற்குள் அடி கசக்கத் தொடங்கியிருக்கும். கடந்த ஓராண்டாக, கோகோ கலக்குமுன் அதே மாவில் ஒரு வில்லைக்கான அளவை வெள்ளையாக எடுத்து வைத்து, அதே தடிமனில் வெட்டி, ட்ரேயின் நடுவில் மற்றவற்றோடு சேர்த்துச் சுடுகிறேன். அந்த ஒன்றின் ஓரத்தில் அரிசிமணி அகலக் கோடு தெரிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன்.