ஒரு பக்க ஆர்கானிக் குறிப்பு: பட்டியலா, வரைபடமா?

ஒரு செமஸ்டர் முழுக்க எழுதிய ஆர்கானிக் வினைகளை ஒரே ஏ4 தாளில் அடக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. சேர்மம், வினைக்காரணி, விளைபொருள் என்று கட்டம் போட்ட பட்டியல் ஒன்று. மெக்கானிசம் வாரியாகத் தொகுப்பது இன்னொன்று. மூன்றாவது, சேர்ம வகைகளைப் பெட்டிகளாக எழுதி அம்புக்குறிகளால் இணைக்கும் வரைபடம். நான் மூன்றாவதற்கு மாறிவிட்டவன். அதனால் இதில் முழு நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பட்டியல் சீக்கிரம் எழுதி முடியும். பெயர் வினைகளைக் கேட்கும் இரண்டு மார்க் கேள்விகளுக்கு அதுவே போதும். மெக்கானிசம் வாரித் தாளை நான் ஒரு செமஸ்டர் முழுக்க வைத்துப் படித்ததில்லை. SN1-ஆ SN2-ஆ என்று முடிவெடுக்க அது உதவும் என்பது வரைக்கும் சொல்லலாம். ஆனால் வளைந்த அம்புகள் ஏராளமாக இடம் கேட்கும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்தான்: தாளைப் பின்னோக்கிப் படிக்க முடிகிறதா? "எவ்வாறு மாற்றுவாய்?" என்று வரும் கேள்விகளில் பெரும்பாலும் விடையிலிருந்துதான் பின்னால் நடக்க வேண்டும். பட்டியலோ வினைபொருளை வைத்துத் தேடுவதற்காக எழுதப்பட்டது. விளைபொருளை வைத்துத் தேடினால் தாள் முழுவதையும் துழாவ வேண்டும்.

எத்தனாலை புரோப்பன்-1-அமீனாக மாற்றச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கார்பன் மூன்றாகிறது. என் வரைபடத்தில் கார்பன் எண்ணிக்கையை மாற்றும் அம்புகள் மட்டும் சிவப்பு. அமீன் பெட்டிக்குள் வரும் அம்புகளில் ஒன்று நைட்ரைலிலிருந்து LiAlH4 வழியாக வருகிறது. நைட்ரைலுக்கு ஆல்கைல் ஹாலைடிலிருந்து KCN என்ற சிவப்பு அம்பு. ஹாலைடுக்கு ஆல்கஹாலிலிருந்து PBr3. திருப்பி எழுதினால் எத்தனால், புரோமோஎத்தேன், புரோப்பேன்நைட்ரைல், புரோப்பன்-1-அமீன். அதே எத்தனாலை மெத்தனமீனாக மாற்றச் சொன்னால், அமீனுக்குள் வரும் இன்னொரு சிவப்பு அம்பைப் பிடிக்க வேண்டும்: அமைடிலிருந்து Br2/NaOH, ஒரு கார்பன் குறையும். அமைடு எத்தனமைடு, அதற்கு முன்னால் எத்தனாயிக் அமிலம், அதற்கு முன்னால் எத்தனால்.

பெட்டிகளைக் கண்டபடி போட்டால் இதுவும் நூடுல்ஸாகிவிடும். அதனால் அவற்றைத் தளம் தளமாக அடுக்குங்கள். வினைபுரியும் கார்பனிலிருந்து ஆக்சிஜன், நைட்ரஜன், ஹாலஜன் ஆகியவற்றுக்கு எத்தனை பிணைப்பு என்று எண்ணினால் போதும். இரட்டைப் பிணைப்பை இரண்டாகக் கணக்கிடுங்கள். ஆல்கேன் தரைத்தளம். ஆல்கஹால், ஆல்கைல் ஹாலைடு, அமீன் முதல் தளம். ஆல்டிஹைடும் கீட்டோனும் இரண்டாவது. அமிலம், எஸ்டர், அமில குளோரைடு, அமைடு, நைட்ரைல் மூன்றாவது. ஆல்கீனையும் முதல் தளத்திலேயே வைக்கலாம். நீர் சேர்ந்தால் ஆல்கஹால்தானே.

இப்போது மேலே போகும் அம்பு ஆக்சிஜனேற்றம், கீழே வருவது ஒடுக்கம். பக்கவாட்டில் போகும் அம்புக்கு இரண்டுமே வேண்டாம். நைட்ரைலிலிருந்து அமிலத்துக்கு எந்த வினைக்காரணி என்று மறந்துபோனால், இரண்டும் ஒரே தளம், அதனால் KMnO4 தேவையில்லை, அமிலம் கலந்த நீரில் சூடாக்கினால் போதும் என்று அங்கேயே தெரிந்துவிடும். நைட்ரைலிலிருந்து அமீன் இரண்டு தளம் கீழே, ஆகவே ஒடுக்கி கட்டாயம். சிவப்பு அம்புகளுக்கு மட்டும் இந்த விதியைப் பொருத்திப் பார்க்காதீர்கள். அங்கே வினைபுரியும் கார்பனே மாறிவிடுகிறது.

எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தளம் சொல்லாது. முதல்நிலை ஆல்கஹாலை PCC இரண்டாவது தளத்தில் நிறுத்தும், KMnO4 மூன்றாவது வரை ஏற்றிவிடும். மூன்றாவது தளத்து அமிலத்தை NaBH4 அசைக்காது, LiAlH4 முதல் தளத்துக்கே இறக்கும். இவற்றை அம்பின் மேலேயே எழுதித்தான் ஆக வேண்டும்.

பென்சீன் பகுதிக்கு இந்த அடுக்கு சரிவராது. அங்கே கேள்வி தளத்தைப் பற்றியதல்ல, எந்த இடத்தில் போய்ச் சேரும் என்பதைப் பற்றியது. வலது கீழ் மூலையில் ஆர்த்தோ-பாரா தொகுதிகளுக்கும் மெட்டா தொகுதிகளுக்கும் ஒரு குட்டிப் பட்டியல், அதன் பக்கத்தில் டையசோனியம் உப்பை நடுவில் வைத்துச் சுற்றிலும் அம்புகள். ஆக, பட்டியலை நான் முழுசாக ஒதுக்கிவிடவில்லை. முப்பரிமாண அமைப்பு சார்ந்த கேள்விகள் உங்கள் பாடத்திட்டத்தில் அதிகம் என்றால் என் தாள் அங்கே பலவீனம்தான். அதற்கு மெக்கானிசம் தாள் மேலாக இருக்கலாம்.

கடைசியாக, KCN அம்பின் ஓரத்தில் "3° வேண்டாம்" என்று சிறிதாக எழுதிவிடுங்கள். மூன்றாம்நிலை ஹாலைடில் நைட்ரைலுக்குப் பதில் பெரும்பாலும் ஆல்கீன்தான் கிடைக்கும். அங்கே Mg, உலர் ஈதர், பிறகு CO2, கடைசியில் H3O+ என்று கிரிக்னார்டு வழியில் போனால் கார்பன் கூடிய அமிலம் கிடைக்கும். மூலக்கூறில் வேறு OH தொகுதி இருந்தால் அந்த வழியும் அடைபடும்.