மறைத்து வைத்த தடயமா, பொய்த்தடமா?

தேயிலைத் தோட்டத்தில் நடக்கும் ஒரு திருட்டுக் கதையை எழுதி முடித்தேன். சம்பளப் பணம் காணாமல் போகிறது. எடுத்தவர் கணக்கப்பிள்ளை. வாசகரின் கண் அவர் மேல் படாமலிருக்க இரண்டு வழி இருந்தது. உண்மைத் தடயத்தைச் சாதாரணப் பேச்சுக்குள் புதைக்கலாம், அல்லது இன்னொருவர் மேல் சந்தேகத்தைக் கிளப்பலாம்.

பொய்த்தடம் எழுதச் சுலபம். கொழும்பிலிருந்து திடீரென்று லயத்துக்குத் திரும்பிய பொடியன், கையில் புதுப் போன், எங்கே இருந்தாய் என்று கேட்டால் பொய். போதும், வாசகர் அவன் பின்னாலேயே போய்விடுவார். ஆனால் பராமரிப்புச் செலவு அதிகம். ஏன் பொய் சொன்னான் என்பதற்குத் திருட்டோடு ஒட்டாத, நம்பக்கூடிய காரணம் ஒன்றைக் கடைசியில் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் அது ஏமாற்று. கொடுத்தால், முடிச்சு அவிழும் நேரத்தில் கதை அவனுடைய காதலையோ கடனையோ விளக்கிக்கொண்டு நிற்கும்.

அதனால் புதைப்பதைத்தான் பெரிதும் நம்பினேன். திருட்டுக்கு முன்பே ஒரு பாட்டி புலம்புகிறார்: கூலி போதவில்லை, கூரை ஒழுகுகிறது, மழை நாளில் கொழுந்து நிறுத்தால் தண்ணிக்கென்று கிலோவைக் கழிக்கிறார்கள், பேரன் படிப்பதில்லை. தடயம் மூன்றாவது புலம்பல். பட்டியலின் முதலும் கடைசியும் மனதில் நிற்கும், நடுவில் இருப்பது நழுவும். அடுத்து, திருட்டு நடந்த அன்று மூன்று மணிக்கு மழை கொட்டுகிறது. அதே பத்தியில் ஒரு சண்டையும் நடப்பதால் மழை வெறும் பின்னணியாகிவிடுகிறது. நாலரைக்கு மழையில் நனைந்தபடி கொழுந்து நிறுத்தேன் என்கிறார் கணக்கப்பிள்ளை. பல பக்கம் கழித்துப் பாட்டி, அன்று முழு நிறையும் விழுந்ததென்று சந்தோஷப்படுகிறார். அப்படியென்றால் நிறுத்தது மழைக்கு முன்னால். நாலரைக்கு அவர் மலையில் இல்லை. சீக்கிரம் வீட்டுக்கு விட்டதாலும் நிறை குறையாததாலும் யாரும் வாய் திறக்கவில்லை.

நான்கு தகவலும் வாசகர் கையில் இருக்கின்றன, சேர்த்துப் பார்க்கும் வேலை மட்டும் அவருடையது. பாத்திரம் பொய் சொல்லலாம், கதைசொல்லி சொல்லக் கூடாது. 'நாலரைக்கு அவர் நிறுத்துக்கொண்டிருந்தார்' என்று நானே எழுதியிருந்தால் மொத்தமும் கெட்டிருக்கும். கணக்கப்பிள்ளையைப் பிடித்த பிறகு திரும்பிப் படித்தாலும் பாட்டியின் புலம்பல் புலம்பலாகவே நிற்கிறது; அவர் வாழ்க்கையைச் சொல்லும் வேலையும் அதற்கு உண்டு. இரண்டாம் வாசிப்பில் பொய்த்தடப் பக்கங்கள் பெரும்பாலும் வெறும் இடைவெளியாகத் தெரியும்.

பொடியனை அடியோடு நீக்கவில்லை. ஒரு பக்கத்துக்குள் அவன் கதை முடிகிற அளவுக்குச் சுருக்கினேன்.

மாயக் கதையில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே தடயம் என்பது பெரும்பாலும் விதிதான் என்று நினைக்கிறேன். தொழிற்சாலையைக் காக்கும் ரோதமுனி, இயந்திரம் ஓடும்போது மட்டும்தான் இறங்கும் என்று கதைக்காக ஒரு விதி வைத்தால், அது ஆபத்தில்லாத ஒரு பூசைக் காட்சியிலேயே வந்துவிட வேண்டும். கரண்ட் போன ராத்திரியில் முதல் தடவை சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்?